நாரை கூடினால் பிறப்பும் கூடுமா? 17 நாடுகள், ஒரு கோடு

கயல்விழி

வணக்கம். நான் பி.எட். படிக்கிறேன், பாடம் உயிரியல். புள்ளியியல் முறையாகப் படித்ததில்லை. செய்முறை வேலையாக ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். துருக்கியையும் சேர்த்து ஐரோப்பாவின் 17 நாடுகள். ஒவ்வொரு நாட்டிலும் கூடு கட்டும் செங்கால் நாரை எத்தனை ஜோடி, வருடத்திற்கு எத்தனை ஆயிரம் குழந்தைகள் பிறக்கின்றன, அப்புறம் பரப்பளவு, மக்கள்தொகை. நாரைதான் குழந்தையைத் துணியில் கட்டி அலகில் தூக்கி வந்து வீட்டில் போடும் என்பது அந்த ஊர்களில் சிறுவர்களுக்குச் சொல்லும் கதை. ராபர்ட் மேத்யூஸ் என்பவர் 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையில் உள்ள எண்கள் இவை.

நாரையைக் கிடை அச்சிலும் பிறப்பை நிமிர் அச்சிலும் வைத்துப் புள்ளிகளைப் போட்டுவிட்டேன். எக்செல் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தது. B நிரலில் நாரை ஜோடிகள், C நிரலில் பிறப்பு ஆயிரங்களில்:

```
=SLOPE(C2:C18,B2:B18)       0.0288
=INTERCEPT(C2:C18,B2:B18)   225.03
=RSQ(C2:C18,B2:B18)         0.3847
```

மூன்று இடத்தில் நிற்கிறேன். 225 என்பது யாருடைய பிறப்பு? R² 0.38 என்றால் எதில் 38 சதவீதம்? மூன்றாவதுதான் பெரிய சிக்கல். "ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது" என்ற வாக்கியத்தை எல்லோரும் எழுதிவிடுவார்கள். இந்த 17 எண்களை வைத்தே அதைக் காட்ட முடியுமா?

திலீபன்

R² 0.38 என்பது ரொம்பக் குறைவு. எங்கள் ஆய்வகத்தில் செறிவுக்கும் ஒளி உறிஞ்சலுக்கும் கோடு போடும்போது 0.99-க்குக் கீழே வந்தால் கரைசலைத் திரும்பத் தயாரிப்போம். 0.38 வந்தால் தொடர்பே இல்லை என்று எழுதிவிடுங்கள். தொடர்பே இல்லாதபோது காரணம் பற்றிய கேள்வியும் எழாது.

கூந்தன்குளம்காரன்

செங்கால் நாரை குறைந்ததற்குக் காரணம் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேற்கு ஐரோப்பாவில் சதுப்பு நிலங்களை வடிகால் வெட்டி வற்ற வைத்து வயலாக்கிவிட்டார்கள். தவளையும் வெட்டுக்கிளியும் போனதும் நாரையும் போய்விட்டது. சுவிட்சர்லாந்தில் அடியோடு இல்லாமல் போய், வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்துவிட்டுத்தான் மறுபடி கூடு கட்டின. கிழக்கே பழைய முறை விவசாயம் அதிக நாள் நீடித்தது. அதனால் போலந்தில் இன்றும் வீட்டுக் கூரையிலும் மின்கம்பத்திலும் கூடு பார்க்கலாம். இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வருவதும் இதே இனம்தான், ஆனால் நம் பக்கம் காண்பது அரிது.

கயல்விழி

நன்றி, ஆனால் நான் கேட்டது நாரை ஏன் குறைந்தது என்பதை அல்ல, கோட்டை எப்படிப் படிப்பது என்பதைத்தான். இருந்தாலும் நீங்கள் சொன்னது உதவும் போலிருக்கிறது. டென்மார்க்கில் 9 ஜோடி, பெல்ஜியத்தில் ஒன்றே ஒன்று, போலந்தில் 30,000 என்று இருப்பதைப் பார்த்து எண் தப்பாக அச்சாகிவிட்டதோ என்று நினைத்திருந்தேன்.

சேது

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கயல்விழி, மூன்று எண்களையும் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். இடது ஓரத்தில் புள்ளிகள் தூண் மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். வலது பக்கம் தூரத்தில் இரண்டே புள்ளிகள், போலந்தும் துருக்கியும். நடுவே வெறும் வெளி. இப்படித்தானே இருக்கிறது? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி சாய்வு. 0.0288 என்று மொட்டையாகச் சொன்னால் பொருள் கிடையாது, அலகு சேர்த்துச் சொல்ல வேண்டும். நிமிர் அச்சு ஆயிரங்களில் இருக்கிறது. ஆகவே நாரை ஒரு ஜோடி கூடினால் பிறப்பு 0.0288 ஆயிரம், அதாவது சுமார் 29 குழந்தைகள் கூடுதல். "கூடினால்" என்று நான் சொன்ன இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்த அட்டவணையில் எந்த நாட்டிலும் நாரை கூடவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது. "ஒரு நாட்டைவிட மற்றொரு நாட்டில் ஒரு ஜோடி அதிகமாக இருந்தால், அந்த நாட்டில் பிறப்பு சராசரியாக 29 அதிகமாக இருக்கிறது" என்பதே சாய்வு சொல்லும் செய்தி. ஒரு நாட்டுக்குள் நாரையைக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கான தரவு இதில் ஒரு வரி கூட இல்லை.

225 என்பது நாரையே இல்லாத நாட்டுக்குக் கோடு சொல்லும் பிறப்பு, 2 லட்சத்து 25 ஆயிரம். பல தரவுகளில் இந்த வெட்டுத்துண்டுக்குப் பொருளே இருக்காது, ஏனென்றால் பூஜ்ஜியத்துக்கு அருகில் ஒரு புள்ளியும் இருக்காது. இங்கே புள்ளிகள் இருக்கின்றன, சரிபார்க்கலாம். பத்து ஜோடிக்குக் குறைவான நான்கு நாடுகளை எடுத்து, கோடு சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கயல்விழி

பார்த்தேன். பெல்ஜியம் 118, டென்மார்க் 59, ஹாலந்து 188, இத்தாலி 551, எல்லாம் ஆயிரங்களில். நான்கின் சராசரி 229. 225-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஆனால் எந்த நாடும் 225-ல் இல்லை. டென்மார்க்குக்குக் கோடு நாலு மடங்கு கூடுதலாகச் சொல்கிறது, இத்தாலிக்குப் பாதிக்கும் குறைவாகச் சொல்கிறது.

சேது

ஆமாம். கோடு சராசரியைத்தான் காப்பாற்றும், ஒவ்வொருவரையும் காப்பாற்றாது. எவ்வளவு தூரம் கைவிடுகிறது என்பதைச் சொல்ல வந்ததுதான் R².

நாரை விவரம் எதுவும் தெரியாமல் 17 நாடுகளின் பிறப்பையும் ஊகிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? எல்லா நாட்டுக்கும் சராசரியைச் சொல்வீர்கள், 371 ஆயிரம். ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு தவறினீர்கள் என்று கண்டு, வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஏறக்குறைய 26.9 லட்சம் வரும். இப்போது சராசரிக்குப் பதிலாகக் கோடு சொல்வதை வைத்து அதே கணக்கைச் செய்யுங்கள். 16.6 லட்சம் வரும். தவற்றின் வர்க்கக் கூட்டலில் 38 சதவீதம் குறைந்திருக்கிறது. உங்கள் 0.38 இதுதான். "38 சதவீதம் சரி" என்றோ "38 சதவீத நாடுகள் கோட்டில் இருக்கின்றன" என்றோ எழுதிவிடாதீர்கள்.

வர்க்கப்படுத்தியதால் இந்த எண் கொஞ்சம் தாராளமாகவே தெரியும். வர்க்கத்தை விட்டு மறுபடி பிறப்புக் கணக்குக்கு வந்தால், சராசரியை மட்டும் வைத்து ஊகித்தபோது வழக்கமான பிழை 410 ஆயிரம். கோட்டை வைத்து ஊகித்தால் 332 ஆயிரம். பிழை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது.

திலீபன், உங்கள் ஆய்வகத்தில் 0.99 கேட்பது நியாயம். அங்கே செறிவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீங்களே நிலையாக வைத்திருக்கிறீர்கள். நாடுகளை அப்படி யாரும் பிடித்து வைக்க முடியாது. 0.38 என்பது தொடர்பே இல்லை என்று பொருள்படாது. மேத்யூஸ் கட்டுரையின் தலைப்பிலேயே 0.008 என்று ஓர் எண் இருக்கிறது. உண்மையில் தொடர்பு எதுவுமில்லாமல் இருந்து, வெறும் தற்செயலால் இவ்வளவு வலுவான கோடு அமைய ஆயிரத்தில் எட்டுத் தடவைதான் வாய்ப்பு என்று அதற்குப் பொருள். அந்த எண் தற்செயல் என்ற ஒரே ஒரு விளக்கத்தைத்தான் விலக்குகிறது. மற்ற விளக்கங்களை அது தொடுவதே இல்லை.

மலர் டீச்சர்

இதே அட்டவணையைப் பன்னிரண்டாம் வகுப்பில் கொடுத்துப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். ஒரு மாணவனுக்குச் சாய்வு 13.36 என்று வந்தது. `SLOPE`-க்குள் முதலில் நிமிர் அச்சு, பிறகு கிடை அச்சு என்று கொடுக்க வேண்டும், அவன் மாற்றிக் கொடுத்துவிட்டான். ஆயிரம் குழந்தைகள் கூடினால் 13 ஜோடி நாரை கூடும் என்று விடை எழுதியிருந்தான். எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், அவனுக்கும் R² அதே 0.3847 தான். நாரை குழந்தையைக் கொண்டுவந்தாலும், குழந்தைகள் நாரையைக் கூப்பிட்டாலும் R²-க்கு ஒன்றுதான். எது முன், எது பின் என்று அதற்குத் தெரியவே தெரியாது. காரணத்தைப் பற்றிப் பேசுவதற்கு அதை ஏன் சாட்சியாகக் கூப்பிட முடியாது என்று அன்றுதான் என் வகுப்புக்குப் புரிந்தது.

சேது

அருமையான இடம், டீச்சர். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 0.0288-ஐயும் 13.36-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 0.3847 வரும். கோட்டைத் திருப்பிப் போட்டால் சாய்வு தலைகீழாகும் என்று நினைப்போம், அப்படி ஆவதில்லை. புள்ளிகள் எல்லாம் துல்லியமாகக் கோட்டிலேயே இருந்தால்தான் அப்படி ஆகும்.

தொழுவம்

ஐயா, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எட்டுக் கலப்பின மாடு வைத்திருக்கிறேன். மகள் கல்லூரியில் படிக்கிறாள், இதே மாதிரி ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். கிடையில் ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு வைக்கும் அடர்தீவனம் கிலோவில், நிமிர்வில் பால் லிட்டரில். சாய்வு 2.4, வெட்டு −3.2, R² 0.94. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு வந்திருப்பது நல்ல கோடு. ஒரு கிலோ கூட்டினால் 2.4 லிட்டர் என்றால், எட்டு மாட்டுக்கும் ஒவ்வொரு கிலோ கூட்டினால் தினம் 19 லிட்டர் கூடுதலாகக் கறக்கும். தீவனச் செலவைக் கழித்தாலும் நிற்கும். வரும் வாரம் கூட்டலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

சேது

பொறுங்கள். ஒரு மாட்டுக்கு எவ்வளவு தீவனம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

தொழுவம்

எல்லோரும் செய்கிற மாதிரிதான். உடம்புக்கு ஒன்றரை கிலோ. அதுக்கு மேல் கறக்கிற பாலில் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ. பதினாறு லிட்டர் கறக்கிறவளுக்கு எட்டு கிலோ சுமார், வற்றிக்கொண்டு வருகிறவளுக்கு நாலு.

சேது

அப்படியென்றால் பாலைப் பார்த்துத் தீவனம் வைக்கிறீர்கள். அந்தக் கோட்டில் இருப்பது மாட்டின் உடம்பு அல்ல, உங்கள் கைக்கணக்கு. உங்கள் விதியையே திருப்பி எழுதிப் பாருங்கள். பால் என்பது தீவனத்தில் ஒன்றரை கிலோவைக் கழித்து இரண்டரையால் பெருக்கியது. சாய்வு 2.5, வெட்டு −3.75. மகள் போட்ட கோட்டுக்கும் இதற்கும் எவ்வளவு பக்கம்! வெட்டு கழித்தலில் வந்ததே ஓர் அடையாளம்தான். தீவனமே வைக்காத மாடு கழித்தல் மூன்று லிட்டர் கறக்காது. R² 0.94 வந்ததற்குக் காரணம், நீங்கள் விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறீர்கள் என்பது. ஒரு கிலோ கூட்டினால் பால் எவ்வளவு கூடும் என்பதற்கு அந்தப் படத்தில் பதில் இல்லை. கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம்.

எட்டுக்கும் ஒரே நாளில் ஒரு கிலோ கூட்டாதீர்கள். வயிற்றில் அமிலம் ஏறி, உப்புசம் கண்டு, மாடு தீவனத்தையே விட்டுவிடும். அது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தொழுவம்

தெரியும் ஐயா. கோடு அவ்வளவு நேராக இருந்ததும் நம்பிவிட்டேன். அப்போ எப்படித் தெரிந்துகொள்வது?

சேது

பாலைப் பார்க்காமல் தீவனத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி நான்கு மாடுகளை எடுங்கள். அவற்றுக்கு மட்டும் அரைக் கிலோ, அதையும் மூன்று நான்கு நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். மற்ற நான்கும் பழையபடி. இரண்டு வாரம் கழித்து மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டியவற்றுக்குக் குறைத்து, மற்றவற்றுக்குக் கூட்டி. ஈன்று நாளாக ஆக எல்லா மாட்டுக்கும் பால் தானாகவே இறங்கிக்கொண்டு வரும். அதனால் ஒரு மாட்டை அதன் பழைய பாலோடு மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். கூட்டாத நான்கு மாடுகள் அதே நாட்களில் எவ்வளவு இறங்கின என்பதோடு ஒப்பிடுங்கள். குலுக்கிப் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் நல்ல மாட்டுக்குத்தான் கை போகும்.

திலீபன்

சரி, "தொடர்பே இல்லை" என்று நான் சொன்னது தப்பு. ஆனால் நாரை விஷயத்தில் காரணம் வெளிப்படையாகத் தெரிகிறதே. பெரிய நாட்டில் எல்லாமே அதிகம். ஆட்களும் அதிகம், நாரையும் அதிகம். பிறப்பை மக்கள்தொகையால் வகுத்து ஆயிரம் பேருக்கு எத்தனை என்று போடுங்கள், தொடர்பு காணாமல் போய்விடும்.

கயல்விழி

இரண்டையும் செய்து பார்த்தேன். முதலில் பரப்பளவு. பிறப்பையும் பரப்பளவையும் வைத்தால் R² 0.85. நாரையையும் பரப்பளவையும் வைத்தால் 0.34. திலீபன் சொன்ன "பெரிய நாட்டில் எல்லாமே அதிகம்" என்பது எண்ணிலும் தெரிகிறது. நாரையைவிடப் பரப்பளவுதான் பிறப்பை எவ்வளவோ நன்றாகச் சொல்கிறது.

ஆனால் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் போட்டும் தொடர்பு காணாமல் போகவில்லை. R² 0.24 இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

சேது

தப்பு எதுவும் செய்யவில்லை. அந்தப் புதிய படத்தில் எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கயல்விழி

பெரும்பாலான நாடுகள் 10-க்கும் 16-க்கும் நடுவில். துருக்கி மட்டும் 28, வலது மேல் மூலையில் தனியாக. அல்பேனியா 26, ஆனால் அங்கே 100 ஜோடிதான், அதனால் இடது மேல் மூலையில் இருக்கிறது. துருக்கியை விட்டுவிட்டுப் போட்டால் R² 0.02.

அதே மாதிரி முதல் படத்திலும் செய்தேன். துருக்கியை எடுத்ததும் 0.38 இருந்தது 0.11 ஆகிவிட்டது. போலந்தையும் எடுத்தால் 0.03. மிச்சம் பதினைந்து நாடுகளில் கோடு கிட்டத்தட்ட எதையுமே சொல்லவில்லை. ஐயா முதலிலேயே அந்த இரண்டு புள்ளிகளை மனதில் வைக்கச் சொன்னது இதற்குத்தானா?

சேது

இதற்குத்தான். வலது ஓரத்தில் தனியே நிற்கும் புள்ளி நெம்புகோலின் நுனியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அது கொஞ்சம் ஏறினாலும் கோடு முழுவதும் ஏறும். நடுவில் இருக்கிற புள்ளி ஏறினால் கோடு அசையாது. இத்தனைக்கும் அந்த இரண்டும் கோட்டோடு ஒத்துப்போகவும் இல்லை. போலந்துக்குக் கோடு 1,089 ஆயிரம் என்கிறது, உண்மையில் 610. துருக்கிக்கு 945 என்கிறது, உண்மையில் 1,576. ஒன்று கீழே இழுக்க, மற்றொன்று மேலே இழுக்க, கோடு நடுவில் புகுந்து போயிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது எதுவும் தெரியாது.

மலர் டீச்சர்

இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஐயா. துருக்கியும் போலந்தும் தப்பான தரவு அல்ல. அந்த எண்கள் எடுத்த காலத்தில் போலந்தில் உண்மையிலேயே சுமார் 30,000 ஜோடி இருந்தன. நமக்கு வேண்டாத முடிவு வருகிறது என்று உண்மையான புள்ளிகளைத் தூக்கிப்போடுவதை மாணவர்கள் பழகிக்கொண்டால் நாளைக்கு வேண்டிய முடிவு வரும்வரை தூக்கிக்கொண்டே இருப்பார்கள். எதையும் எடுக்காமல், எண்களுக்குப் பதில் வரிசை எண்களை வைத்து ஒட்டுறவு பார்த்தேன். குறைந்த நாரை உள்ள நாட்டுக்கு 1, அதிகமுள்ளதற்கு 17 என்று. அப்படிச் செய்தால் தூரத்தில் இருப்பதால் கிடைக்கிற பலம் போய்விடும். R²-இன் வர்க்கமூலமாக 0.62 இருந்த ஒட்டுறவு 0.42 ஆனது. குறைந்திருக்கிறது, ஆனால் ஒன்றுமில்லாமல் போகவில்லை.

சேது

எடுத்துவிட்டு முடிவு எழுதச் சொன்னால் தப்புதான். நான் எடுத்துப் பார்க்கச் சொல்வது கோடு யார் தோளில் நிற்கிறது என்று அறிவதற்கு. அறிந்த பிறகு புள்ளியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு, "இந்தக் கோடு பெரும்பாலும் இரண்டு நாடுகளால் அமைந்தது" என்று எழுத வேண்டும். உங்கள் வரிசை முறையும் நல்லதுதான், ஆனால் அதில் சாய்வும் அலகும் போய்விடும். கயல்விழி இரண்டையும் எழுதலாம். இதில் நாம் இருவரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும் என்றில்லை.

கயல்விழி, பரப்பளவு விஷயத்தை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். பிறப்புக்குப் பரப்பளவை வைத்து ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு நாடும் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்ற மிச்சத்தை ஒரு நிரலில் எழுதுங்கள். நாரைக்கும் அதே மாதிரி பரப்பளவை வைத்துக் கோடு போட்டு மிச்சத்தை எழுதுங்கள். இப்போது இருப்பது "இவ்வளவு பெரிய நாட்டுக்கு எதிர்பார்த்ததைவிட எத்தனை நாரை அதிகம்" என்பதும், "எதிர்பார்த்ததைவிட எத்தனை பிறப்பு அதிகம்" என்பதும். இந்த இரண்டு மிச்சங்களையும் வைத்துப் புள்ளிப் படம் போடுங்கள்.

கயல்விழி

R² 0.07. யாரையும் நீக்காமல், 17 நாடுகளும் இருக்கும்போதே.

சேது

17 புள்ளிகளில் 0.07 என்பது தற்செயலால் சாதாரணமாக வரக்கூடியது. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இந்த அட்டவணையே தரும் பதில் இதுதான். முதல் படத்தில் தெரிந்த தொடர்பில் பெரும்பகுதி பரப்பளவு வழியாக வந்தது.

கூந்தன்குளம்காரன்

இப்போதுதான் கேள்வி எனக்குப் புரிந்தது. ஆனால் பரப்பளவு மட்டும் போதாது என்று தோன்றுகிறது. இத்தாலி போலந்து அளவு பெரிய நாடு, ஆனால் இத்தாலியில் 5 ஜோடி, போலந்தில் 30,000. நாரைக்கு வேண்டியது ஈரமான புல்வெளியும் பழைய முறை விவசாயமும். கிராமங்களும் கைவேலை விவசாயமும் நிறைய இருக்கிற நாட்டில் குடும்பங்களும் பெரிதாக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் ஆயிரம் பேருக்குக் கணக்கிட்டும் துருக்கி தனியாக நிற்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

சேது

இருக்கலாம். நல்ல ஊகம். ஆனால் அல்பேனியாவும் கிராமங்கள் நிறைந்த நாடுதான், பிறப்பும் அதிகம், நாரை நூறு ஜோடிதான். கிராம மக்கள் எத்தனை பங்கு, ஈரநிலம் எவ்வளவு என்ற நிரல்கள் இந்த அட்டவணையில் இல்லை. இருக்கிற நிரல்களை வைத்து இதற்கு மேல் போக முடியாது. 17 புள்ளிகளுக்கு ஐந்தாறு நிரல்களைச் சேர்த்தால் R² எப்படியும் ஏறிக்கொண்டேதான் போகும், அதை நம்பவும் முடியாது.

திலீபன்

ஒரு சந்தேகம். பரப்பளவைக் கணக்கில் எடுத்ததும் தொடர்பு போய்விட்டது, அதனால் நாரை காரணம் இல்லை என்கிறோம். போகாமல் இருந்திருந்தால் நாரை காரணம் என்று ஒத்துக்கொள்வோமா?

சேது

மாட்டோம். நாம் நினைத்துப் பார்க்காத இன்னொரு நிரல் இருக்கிறது என்றுதான் தேடுவோம், ஏனென்றால் குழந்தை எப்படிப் பிறக்கிறது என்று நமக்கு வேறு வழியில் தெரியும். தெரியாத விஷயமாக இருந்தால்தான் சிக்கல். தொழுவம் சொன்ன மாட்டுத் தீவனம் அப்படிப்பட்டது. தீவனம் பாலைக் கூட்டும் என்பது கேட்டால் நம்பும்படி இருக்கிறது, ஓரளவு உண்மையும்கூட. அதனால்தான் அந்தக் கோடு நாரைக் கோட்டைவிட அதிகமாக ஏமாற்றும்.

கயல்விழி

செய்முறைத் தாளில் மூன்று படம் வைக்கிறேன். முதலில் 17 நாடுகளும் கோடும், துருக்கிக்கும் போலந்துக்கும் பெயர் எழுதி. இரண்டாவது அந்த இரண்டும் இல்லாமல் கோடு எப்படிப் படுத்துவிடுகிறது என்று, டீச்சர் சொன்ன எச்சரிக்கையோடு. மூன்றாவது மிச்சங்களின் படம். சாய்வை "ஒரு ஜோடி அதிகமுள்ள நாட்டில் பிறப்பு சராசரியாக 29 அதிகம்" என்று மட்டும் எழுதுகிறேன்.

மலர் டீச்சர்

மூன்று படத்துக்கும் நிமிர் அச்சின் அளவை ஒரே மாதிரி வையுங்கள். எக்செல் ஒவ்வொரு படத்துக்கும் தானாக அளவை மாற்றிவிடும், 0.03 உள்ள கோடும் செங்குத்தாகத் தெரியும். மூன்றாவதில் மிச்சம் கழித்தலிலும் வரும், அதனால் அங்கே பூஜ்ஜியத்தை நடுவில் வைத்து அதே இடைவெளியைக் கொடுங்கள்.

தொழுவம்

ஐயா, பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். சீட்டுக் குலுக்கினோம். வந்த நாலில் ஒருத்தி கழிச்சல் கண்டுவிட்டாள், அவளுக்குப் பழைய அளவுக்கே வந்துவிட்டேன். மற்ற மூன்றில் இரண்டு கொஞ்சம் ஏறியிருக்கின்றன, ஒன்றுக்கு மாற்றமில்லை. மாற்றாத நாலில் ஒன்று இறங்கியிருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வாரம் நல்ல மழை, பசும்புல் வந்துவிட்டது, எட்டும் மேய்கின்றன. ஏறினது தீவனத்தாலா புல்லாலா என்று மகள் கேட்கிறாள். கழிச்சல் கண்டவளைக் கணக்கில் வைப்பதா விடுவதா என்றும் கேட்கிறாள்.

சேது

புல் எட்டுக்கும் கிடைத்ததால் அது பெரிய தொல்லை இல்லை, அதற்குத்தான் மாற்றாத நான்கு இருக்கின்றன. கழிச்சல் கண்டவளைக் கூட்டிய நான்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டியதால் வந்த நட்டமாக இருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும். இரண்டாம் பாதியில் மாற்றும்போது அவளுக்கு மட்டும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தினசரி லிட்டரை மாட்டுவாரியாக எழுதி இங்கே போடுங்கள்.

தொழுவம்

திங்கட்கிழமை மாற்றுகிறோம். காலை, மாலை இரண்டு கறவையும் தனித்தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.